ஒரு பிராஞ்சுக்கு இரண்டு நாள் ஆயுள்: குழுவுக்கு ஒரு கடிதம்

நண்பர்களே,

நம் ரெப்போவில் இனி `main` என்ற ஒரே ஒரு நிரந்தர பிராஞ்ச் போதும். மற்ற எல்லா பிராஞ்சும் அதிலிருந்து கிளம்பி, இரண்டு வேலை நாளுக்குள் அதிலேயே வந்து சேர்ந்துவிட வேண்டும். ஒரு கமிட்டில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். நான் முன்வைக்கும் யோசனை இவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன், இதனால் நம் அன்றாட வேலையில் என்னென்ன மாறும், எங்கெங்கே சிரமம் வரும் என்பதை விரிவாக எழுதுகிறேன். படித்துவிட்டு மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பில் தொகை கடைசி தசமத்தில் 0.01 கூடி வந்த சம்பவம் எல்லோருக்கும் நினைவிருக்கும். விலை 10.15 உள்ள மூன்று பொருள்கள், 10 சதவீதத் தள்ளுபடி. மொத்தத்தைக் கூட்டிவிட்டுத் தள்ளுபடி போட்டால் 30.45 என்பது 27.405 ஆகி, முழுமைப்படுத்தும்போது 27.41 வரும். ஒவ்வொரு வரியிலும் தள்ளுபடி போட்டு அங்கேயே முழுமைப்படுத்தினால் 9.135 என்பது 9.14 ஆகி, மூன்றையும் கூட்டினால் 27.42 வரும். நம் சிஸ்டம் பல காலமாக முதல் முறையில்தான் கணக்கிட்டு வந்தது. எங்கோ ஓர் இடத்தில் யாரும் கவனிக்காமல் இரண்டாவது முறைக்கு மாறிவிட்டது. கணக்குத் துறையினர் சொன்ன பிறகுதான் நமக்கே தெரிந்தது.

அதைத் திருத்துவது பெரிய வேலை இல்லை, இரண்டு வரி மாற்றம். எப்போது மாறியது, ஏன் மாறியது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போனது. யாராவது வேண்டுமென்றே, யாரோ கேட்டதற்காக மாற்றியிருக்கலாம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு பழையபடி ஆக்கிவிடவும் முடியவில்லை.

கிட்டில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது.

```
git bisect start
git bisect bad develop
git bisect good v4.2
```

சரியாக இருந்த ஒரு புள்ளியையும் கெட்டுப்போன ஒரு புள்ளியையும் காட்டிவிட்டால், அது நடுவில் உள்ள ஒரு கமிட்டுக்குப் போய் நிற்கும். நாம் சோதித்து, நல்லதா கெட்டதா என்று சொன்னால் பாதியை ஒதுக்கிவிடும். இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போவதால், 200 கமிட்டுகள் இருந்தாலும் ஏறக்குறைய எட்டுச் சோதனையில் குற்றவாளி அகப்பட வேண்டும். நமக்கு அகப்படவில்லை. அது போய் நின்ற கமிட்டுகளில் பாதி பில்டே ஆகவில்லை. பில்ட் ஆகாத கமிட்டை நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது; `git bisect skip` கொடுத்துத் தாண்டத்தான் முடியும். அப்படித் தாண்டித் தாண்டிப் போனதில் கடைசியில் திரையில் வந்தது இது:

```
There are only 'skip'ped commits left to test.
The first bad commit could be any of:
```

அதன் கீழே ஒரு நீளமான பட்டியல். இவற்றில் எதுவாகவும் இருக்கலாம், இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது என்று கருவி கைவிரித்துவிட்டது.

பட்டியலில் இருந்தவை எல்லாம் ஒரே பிராஞ்சிலிருந்து வந்தவை. மூன்று வாரத்துக்கு மேல் தனியாக ஓடிய பிராஞ்ச் அது. அன்றன்றைய வேலை முடிந்ததும் அப்படியே போட்டு வைத்த கமிட்டுகள், `wip`, `fix`, `fix again` என்ற தலைப்புகளோடு. தேவையான கமிட் ஒருவழியாகக் கிடைத்தபோது, அதற்குள் 61 கோப்புகள் மாறியிருந்தன. பெரும்பாலானவை ஃபார்மேட்டர் ஓட்டியதால் வந்த இடைவெளி மாற்றங்கள், கூடவே ஒரு லைப்ரரியின் பதிப்பு உயர்வு. இவற்றுக்கு நடுவே, தள்ளுபடிக் கணக்கைக் கூட்டலுக்கு முன்னால் நகர்த்திய அந்த இரண்டு வரிகள். ரிவ்யூவில் யாருடைய கண்ணிலும் அது படாததில் வியப்பே இல்லை. 61 கோப்புகளை ஒரே மூச்சில் படித்து, அதில் இரண்டு வரியை மட்டும் பிடிக்கும் கண் யாருக்கும் கிடையாது.

திரும்பப் பெறவும் வழியில்லாமல் போனது. `git revert` கொடுத்தால் லைப்ரரி பதிப்பும் பழையதாகிவிடும். அதற்குப் பிறகு வந்த வேலைகளெல்லாம் புதிய பதிப்பை நம்பி எழுதப்பட்டவை. அதை எழுதியவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நம் வழக்கமே அப்படி இருந்தது. அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். மாற்ற வேண்டியது வழக்கத்தை.

இனி `develop` பற்றி. `main`, `develop`, ரிலீஸ் பிராஞ்ச், ஹாட்ஃபிக்ஸ் பிராஞ்ச் என்று நாம் வைத்திருக்கும் அமைப்பு, 2010-இல் வின்சென்ட் டிரீசன் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கிட்ஃப்ளோ முறை. பல பதிப்புகளை ஒரே நேரத்தில் பராமரிக்கும் மென்பொருளுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் தொடர்ந்து வெளியிடப்படும் வலைச் செயலிகளுக்கு இதைவிட எளிய முறையே போதும் என்று அவரே 2020-இல் அந்தக் கட்டுரையின் தலைப்பகுதியில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். நம்மிடம் ஓடுவது ஒரே பதிப்பு. பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அப்படியிருக்க, ஹாட்ஃபிக்ஸை `main`-இல் போட்டுவிட்டு `develop`-இலும் போட மறந்து, அடுத்த ரிலீஸில் அதே பிழை திரும்பி வருவதை நாம் ஏன் சகித்துக்கொள்ள வேண்டும்? `develop` வேண்டாம். ரிலீஸ் என்பது `main`-இல் உள்ள ஒரு கமிட்டுக்கு வைக்கும் டேக், அவ்வளவே.

அப்படியானால் `main` எந்த நேரத்திலும் வெளியிடத் தயாராக இருக்க வேண்டும். அதில் யாரும் நேரடியாகப் புஷ் செய்ய முடியாதபடி பூட்டிவிடலாம். எனக்கும் சேர்த்துத்தான். அவசரத் திருத்தமும் அதே வழியில்தான் வரும்: சின்ன பிராஞ்ச், ஒருவருடைய ரிவ்யூ, டெஸ்ட், மெர்ஜ். அவசரத்துக்கென்று தனி வழி வைத்தால், எது அவசரம் என்ற எல்லை மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும்.

இரண்டு நாள் என்ற எல்லைக்குத்தான் அதிக எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். ஆகவே அதற்கான காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிராஞ்ச் நீளமானால் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் கிட் கத்திச் சொல்லும் கான்ஃப்ளிக்டைக் கண்டு நான் பெரிதாகப் பயப்படுவதில்லை. இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டால் அது நின்று கேட்கும், நாம் பார்த்துச் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் வருவதுதான் ஆபத்து. ஒருவர் `getTotal` என்ற ஃபங்ஷனின் பெயரை `grossTotal` என்று மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்துகிறார். இன்னொருவர் அதே சமயத்தில் வேறொரு கோப்பில், புதிதாக ஓர் இடத்தில் `getTotal`-ஐ அழைக்கிறார். இருவருடைய பிராஞ்சிலும் எல்லா டெஸ்ட்டும் பச்சை. இருவரும் தொட்ட வரிகள் வேறு வேறு என்பதால் கிட்டும் எதுவும் சொல்லாமல் மெர்ஜ் செய்துவிடும். மெர்ஜ் ஆன `main` மட்டும் உடைந்து கிடக்கும். பெயர் மாற்றமாக இருந்தால் பில்ட்டிலேயே தெரிந்துவிடும் என்பது ஓர் ஆறுதல். பெயர் அப்படியே இருந்து பொருள் மாறினால், அதாவது தள்ளுபடிக்கு முந்தைய தொகையைத் தந்துகொண்டிருந்தது தள்ளுபடிக்குப் பிந்தைய தொகையைத் தர ஆரம்பித்தால், கம்பைலரும் எதுவும் சொல்லாது.

இந்த ஆபத்து, நாம் தனியாக இருக்கும் காலத்தில் மற்றவர்கள் எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு நாளில் `main`-இல் நடந்ததை ஒருவர் தலையில் வைத்துக்கொள்ள முடியும், மூன்று வாரத்தில் நடந்ததை முடியாது. அதனால், மெர்ஜ் செய்வதற்கு முன் பிராஞ்ச் இன்றைய `main`-ஐ உள்ளடக்கியிருக்க வேண்டும், அந்த நிலையில் டெஸ்ட் ஓடியிருக்க வேண்டும் என்பதையும் விதியாக்க விரும்புகிறேன். இதனால் மெர்ஜ் வரிசையில் சில நிமிடங்கள் காத்திருக்க நேரும். அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம்.

சரி, மூன்று வாரம் பிடிக்கும் வேலையை என்ன செய்வது? வேலை மூன்று வாரம் நடக்கட்டும், பிராஞ்ச் மட்டும் நடக்க வேண்டாம். அதே முழுமைப்படுத்தும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். புதிய முறை நிஜமாகவே தேவை என்று வைத்துக்கொண்டால், முதல் பிராஞ்சில் புதிய ஃபங்ஷனும் அதற்கான டெஸ்ட்டும் மட்டும் வரும். அதை யாரும் அழைக்க மாட்டார்கள், ஆகவே `main`-க்கு ஆபத்து இல்லை. இரண்டாவது பிராஞ்சில் பில் போடும் இடம் ஒரு ஃபீச்சர் ஃபிளாகைப் பார்த்துப் பழையதையோ புதியதையோ அழைக்கும். ஃபிளாக் அணைந்தே இருக்கும். மூன்றாவதில் பணத்தைத் திரும்பத் தரும் இடம், நான்காவதில் அறிக்கை. எல்லாம் தயாரானதும் ஃபிளாகைப் போடுகிறோம். தொகை தப்பாக வந்தால் அணைத்துவிடலாம், கோடைத் தொடவே வேண்டாம். நிலைத்த பிறகு பழைய ஃபங்ஷனையும் ஃபிளாகையும் நீக்கும் கடைசி பிராஞ்ச்.

இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாக் குழுக்களும் தள்ளிப் போடுகின்றன. ஃபிளாக் கிடந்தால், ஒவ்வொன்றும் கோடில் இரண்டு பாதைகளை உயிரோடு வைத்திருக்கும். இரண்டையும் டெஸ்ட் செய்தாக வேண்டும். ஆகவே ஃபிளாக் சேர்க்கும் புல் ரிக்வெஸ்டிலேயே, அதை நீக்குவதற்கான டிக்கெட்டையும் உரியவரின் பெயரோடு திறந்துவிடுவோம்.

ஃபிளாக் காப்பாற்றாத ஓர் இடம் டேட்டாபேஸ். மைக்ரேஷன் ஓடிவிட்டால் ஓடியதுதான், ஃபிளாக் அணைந்திருப்பது அதற்குத் தெரியாது. டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் நேராக மாற்றிவிடாதீர்கள். புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது ஒரு மெர்ஜ். இரண்டிலும் எழுதுவது அடுத்தது. பழைய வரிசைகளை நிரப்பிவிட்டு, வாசிப்பதைப் புதியதற்கு மாற்றுவது அதற்கடுத்தது. எல்லாம் ஓடி நிலைத்த பிறகு பழையதில் எழுதுவதை நிறுத்துவது இன்னொரு மெர்ஜ். பழைய நெடுவரிசையை நீக்குவது அதற்கும் பிறகு. ஒவ்வொரு படியிலும், முந்தைய பதிப்புக் கோட் இதே டேட்டாபேஸில் ஓடுமா என்று கேட்டுக்கொண்டால் போதும். ஓடும் என்றால் அந்தப் படி சரி.

அடுத்தது கமிட். நம் பிராஞ்சுகளை ஸ்குவாஷ் முறையில் மெர்ஜ் செய்யலாம் என்கிறேன். உங்கள் பிராஞ்சில் எத்தனை `wip` வேண்டுமானாலும் இருக்கட்டும், அது உங்கள் மேசை. `main`-க்கு வரும்போது எல்லாம் சேர்ந்து ஒரே கமிட்டாக வரும். அந்தக் கமிட் டெஸ்ட் தாண்டி வந்தது என்பதால் பில்ட் ஆகும். அதனால் `git bisect` நிற்கும் ஒவ்வோர் இடமும் சோதிக்கக்கூடிய இடமாக இருக்கும். திரும்பப் பெறுவதும் ஒரே கட்டளை. மெர்ஜ் கமிட்டைத் திரும்பப் பெற `-m 1` கொடுக்க வேண்டும் என்பதும், அதே பிராஞ்சைப் பிறகு மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் வராது, முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தாக வேண்டும் என்பதும் நம்மில் சிலருக்குப் பட்டுத் தெரிந்தது.

ஸ்குவாஷிலும் ஒரு குழி உண்டு. மெர்ஜ் ஆன பிராஞ்சிலேயே தொடர்ந்து வேலை செய்யாதீர்கள். உங்கள் பிராஞ்சில் இருக்கும் கமிட்டுகளும் `main`-இல் வந்திருக்கும் ஒற்றைக் கமிட்டும் ஒன்றுதான் என்பது கிட்டுக்குத் தெரியாது. அடுத்த மெர்ஜில் ஏற்கெனவே தீர்த்த கான்ஃப்ளிக்டுகளே மறுபடி வந்து நிற்கும். மெர்ஜ் ஆனதும் அந்த பிராஞ்சை நீக்கிவிட்டு, `main`-இலிருந்து புதிதாகக் கிளம்புங்கள். `git branch -d` இன்னும் மெர்ஜ் ஆகவில்லை என்று மறுத்தால் காரணம் இதுவே. புல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆனதை உறுதிசெய்துகொண்டு `-D` கொடுக்கலாம். ரிவ்யூவுக்குக் காத்திருக்கும்போது அந்த பிராஞ்சின் மேலேயே அடுத்த பிராஞ்சைத் தொடங்கியிருந்தால், முதலாவது மெர்ஜ் ஆன பிறகு இரண்டாவதை இப்படி நகர்த்த வேண்டும்:

```
git fetch origin
git rebase --onto origin/main round-step1 round-step2
```

`round-step1`-இல் இல்லாத, `round-step2`-இல் மட்டும் உள்ள கமிட்டுகளை எடுத்து `main`-இன் மேல் வை என்று இதற்கு அர்த்தம். ஆகவே இதைச் செய்து முடிக்கும் வரை முதல் பிராஞ்சை உங்கள் கணினியில் வைத்திருங்கள். ஏற்கெனவே புஷ் செய்த பிராஞ்ச் என்றால், அதன் பிறகு `git push --force-with-lease` தேவைப்படும். வெறும் `--force` வேண்டாம். இடையில் வேறொருவர் அதில் எதையாவது புஷ் செய்திருந்தால் சொல்லாமல் அழித்துவிடும்.

ஒரு புல் ரிக்வெஸ்ட் ஒரு கமிட்டாகச் சுருங்குவதால், ஒரு கமிட்டில் ஒரு விஷயம் என்பது ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு விஷயம் என்றாகிறது. ஃபார்மேட் மாற்றம் தனியாக வரட்டும். லைப்ரரி உயர்வு தனி. கணக்கு மாறுவது தனி. போகிற போக்கில் கண்ணில் பட்ட பெயரைத் திருத்தலாமா என்றால், தாராளமாகத் திருத்துங்கள், இன்னொரு பிராஞ்சில். ஃபார்மேட் கமிட்டின் ஹாஷை `.git-blame-ignore-revs` என்ற கோப்பில் சேர்த்துவிடுவோம். அவரவர் கணினியில் ஒரு முறை

```
git config blame.ignoreRevsFile .git-blame-ignore-revs
```

கொடுத்துவிட்டால், `git blame` அந்த இடைவெளி மாற்றங்களைத் தாண்டி, வரியை நிஜமாக எழுதியவரைக் காட்டும். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு.

கமிட் செய்தி எப்படி இருக்க வேண்டும்? தலைப்பு ஏறக்குறைய 50 எழுத்துக்குள், ஒரு வெற்று வரி, அப்புறம் விளக்கம். வெற்று வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் `git log --oneline` விளக்கத்தின் முதல் வரிகளையும் தலைப்போடு ஒட்டிக் காட்டும். விளக்கத்தில் என்ன மாறியது என்று சொல்ல வேண்டாம், அதை டிஃப் சொல்லும். ஏன் மாறியது என்று சொல்லுங்கள். நாம் வழக்கம்போல ஆங்கிலத்தில் எழுதுவோம். இங்கே வாசிக்கச் சுலபமாகத் தமிழில் ஒரு மாதிரி:

```
billing: தள்ளுபடியை மொத்தத்தில் கணக்கிடு

வரிவாரியாக முழுமைப்படுத்தியதால் 10.15 x 3, 10% பில்
27.41-க்குப் பதில் 27.42 ஆனது. கணக்குத் துறை
மொத்தத்தில் முழுமைப்படுத்துவதையே எதிர்பார்க்கிறது.

பணம் திரும்பத் தரும் இடம் இன்னும் மாறவில்லை; அடுத்த கமிட்.
```

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசி வரி. எதைச் செய்யவில்லை என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டால், பின்னால் வருபவர் அது விடுபட்டதா, வேண்டுமென்றே விட்டதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. அன்றைக்கு நாம் தேடியது இப்படி ஒரு வரியைத்தான்.

இந்த விதிகளில் கனமானது எழுதுபவர்மீது விழவில்லை, ரிவ்யூ செய்பவர்மீது விழுகிறது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் மெர்ஜ் ஆக வேண்டிய பிராஞ்ச் ஒன்றரை நாள் ரிவ்யூவுக்காகக் காத்திருந்தால், மொத்த ஏற்பாடும் குலைந்துவிடும். எல்லோரும் மறுபடி பெரிய பிராஞ்சுக்கே போய்விடுவார்கள். காத்திருப்பு நீண்டால், ஒரே முறை காத்திருப்போம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டத்தான் தோன்றும். ஆகவே ரிவ்யூ கேட்டால் அரை நாளுக்குள் முதல் பதில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் உட்கார்ந்ததும் சொந்த வேலைக்கு முன் ரிவ்யூ, மதியத்துக்குப் பிறகு இன்னொரு முறை. அதற்கு ஈடாக, ஏறக்குறைய 300 வரிகளுக்கு மேல் போகும் மாற்றத்தைப் பிரித்துத் தரச் சொல்லும் உரிமை ரிவ்யூ செய்பவருக்கு உண்டு. கருவிகள் தானாக உருவாக்கிய கோப்புகள் அந்தக் கணக்கில் சேராது. ரிவ்யூவுக்குப் போகும் நேரத்தைத் திட்டமிடலில் சேர்த்துக்கொள்வது என் பொறுப்பு. யாருடைய வேலை அதனால் தாமதமானாலும் மேலிடத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

இரண்டு நாளைத் தாண்டினால் என்ன ஆகும்? யாரும் எதையும் மூடிவிட மாட்டார்கள். காலைக் கூட்டத்தில் அந்த பிராஞ்சை எடுத்து, எங்கே வெட்டலாம் என்று இரண்டு பேர் சேர்ந்து பார்ப்போம். சில வேலைகளை நிஜமாகவே வெட்ட முடியாது. ஃபிரேம்வொர்க்கின் பெரிய பதிப்பு மாற்றம் அப்படிப்பட்டது. அதற்கு விலக்கு கொடுப்போம், ஆனால் அந்த பிராஞ்ச் தினமும் `main`-ஐ உள்வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த இரண்டு ரிலீஸ்களுக்கு இதைச் செய்து பார்ப்போம். தொடங்குவதற்கு முன் `develop`-இல் இருப்பதை நான் `main`-க்குக் கொண்டுவந்து அதைப் பூட்டிவிடுகிறேன். உங்களிடம் கேட்பது, பழைய பிராஞ்சுகளைப் பார்ப்பது மட்டும்:

```
git branch -r --no-merged origin/main
```

இதில் உங்கள் பெயரில் வருபவற்றை எடுத்து, இன்னும் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். வேண்டும் என்றால் அதிலிருந்து வெட்டக்கூடிய முதல் துண்டு எது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வேண்டாம், ஆனால் அழிக்க மனமில்லை என்றால் அதன் மேல் `archive/` என்று தொடங்கும் ஒரு டேக் வைத்து, டேகைப் புஷ் செய்துவிட்டு பிராஞ்சை நீக்கிவிடுங்கள். கமிட்டுகள் எங்கும் போகாது, எப்போது வேண்டுமானாலும் அந்த டேகிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஃபார்மேட்டரை ரெப்போ முழுக்க ஒரே முறை ஓட்டும் கமிட்டை, இந்தப் பட்டியல் காலியான பிறகே போடுவேன். அதற்கு முன் போட்டால் உங்களுடைய திறந்த பிராஞ்சுகள் அத்தனையும் கான்ஃப்ளிக்டில் மாட்டும்.